நூறு வரை பகா எண்கள்: எந்தக் கட்டத்தில் சலிப்பது?

1 முதல் 100 வரை எழுதுகிறோம். 1-ஐ ஒதுக்கிவிட்டு, 2, 3, 5, 7 ஆகியவற்றை விட்டு அவற்றின் மற்ற மடங்குகளை அடிக்கிறோம். மிஞ்சும் 25 எண்களும் பகா எண்கள். எரடோஸ்தனிஸ் சல்லடை என்று பள்ளியில் படித்தது இவ்வளவுதான். அங்கே யாரும் பேசாத ஒரு கேள்வி இருக்கிறது: அந்த எண்களை ஒரு வரிசைக்கு எத்தனை வீதம் எழுதுவது? பத்துப் பத்தாக எழுதுவது பழக்கம். ஆறு ஆறாக எழுதினால் அதே வேலை ஸ்கேலால் இழுக்கும் ஒன்பது கோடுகளில் முடிந்துவிடும். ஒற்றை எண்களை மட்டும் ஏழு ஏழாக எழுதினால் எல்லோரையும் தடுமாற வைக்கும் 7-இன் மடங்குகள் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். கட்டம் மாறினால் உழைப்பும் மாறும், எந்த இடத்தில் தவறு நேரும் என்பதும் மாறும். வகுப்புக்குப் பயிற்சித்தாள் தயாரிப்பவர், வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவர், போட்டித் தேர்வுக்குப் பட்டியலை மனத்தில் ஏற்ற நினைப்பவர் ஆகிய மூவருக்கும் ஒரே கட்டம் பொருந்தாது.

முதலில், சல்லடைதான் வேண்டுமா?

‘97 பகா எண்ணா?’ என்று ஒரே ஒரு எண்ணைக் கேட்டால் சல்லடை வேண்டாம். 2, 3, 5, 7 என நான்கு முறை வகுத்துப் பார்த்தால் போதும். நூறு எண்களை எழுதி உட்கார்வது கொசுவை அடிக்கக் கோடாரி எடுத்த கதை.

நூறு வரையுள்ள முழுப் பட்டியலும் வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. 2 முதல் 100 வரை ஒவ்வோர் எண்ணையும் எடுத்து, அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகா எண்களால் வகுத்து, மீதியில்லாமல் வகுபட்டவுடன் நிறுத்திக்கொண்டாலும் மொத்தம் 181 வகுத்தல்கள் வரும். சல்லடையில் வகுத்தலே இல்லை. நன்றாகச் செய்தால் 104 அடித்தல், அவ்வளவுதான். வகுத்தல் முறைக்கும் நியாயம் செய்யவேண்டும். அந்த 181-இல் 97 வகுத்தல்கள் 2-ஆல், 25 வகுத்தல்கள் 5-ஆல். இவற்றுக்குக் கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே விடை தெரியும். 3-க்கு இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கலாம். உண்மையில் உட்கார்ந்து வகுக்க வேண்டியது 7-ஆல் வரும் 13 மட்டும்தான். ஆனாலும் ஒவ்வோர் எண்ணுக்கும் முதலிலிருந்து தொடங்குவதால் கவனம் சிதறும், ஏதாவது ஒன்று விடுபடும். பட்டியல் வேண்டுமென்றால் சல்லடையே மேல்.

ஒரு சின்ன முரண். மாவு சலிக்கும்போது நமக்கு வேண்டியது கீழே விழும், கப்பி மேலே தங்கும். இந்தச் சல்லடையில் நமக்கு வேண்டியது மேலே தங்கும் கப்பிதான்.

எந்தக் கட்டமானாலும் மாறாதவை

நூறு எண்களில் 1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. மிச்சம் 99. அதில் 74 பகு எண்கள். 2-இன் முறை வரும்போது 4 முதல் 100 வரை 49 எண்கள் போகும். 3-இன் முறையில் புதிதாக 16 போகும். 5-இன் முறையில் புதிதாக ஆறே ஆறு: 25, 35, 55, 65, 85, 95. 7-இன் முறையில் மூன்றே மூன்று: 49, 77, 91. கூட்டினால் 74.

7-உடன் ஏன் நிறுத்துகிறோம்? நூறுக்குள் இருக்கும் ஒரு பகு எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதினால், இரண்டுமே 10-ஐத் தாண்ட முடியாது. தாண்டினால் பெருக்கல் நூறைத் தாண்டிவிடும். ஆகவே ஒரு காரணியாவது 10 அல்லது அதற்குக் கீழே இருக்கும், அதற்குள் 2, 3, 5, 7-இல் ஏதாவது ஒன்று ஒளிந்திருக்கும். 11 புதிதாகப் பிடிக்கும் முதல் எண் 11 × 11 = 121. அது நம் எல்லைக்கு வெளியே இருக்கிறது. இது புரியாமல் 11, 13, 17 என்று 47 வரை அடித்துக்கொண்டே போகும் மாணவர்கள் உண்டு. அப்படி அடிக்கும் 33 அடிகளில் ஒன்றுகூடப் புதிய எண்மேல் விழாது. விடை கெடாது, நேரம்தான் கெடும்.

பத்து நிரல் கட்டம்

எல்லோருக்கும் பழகிய கட்டம். 1-10, 11-20 என்று பத்து வரிசைகள். குழந்தை நூறு வரை எண்ணக் கற்றதே இந்தக் கட்டத்தில்தான் என்பதால் எந்த எண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. 2-இன் மடங்குகள் ஐந்து நிரல்களாக மேலிருந்து கீழே போகும், 2-ஐ மட்டும் விட்டுவிட வேண்டும். 5-இன் மடங்குகளில் புதியவை எல்லாம் ஐந்தாம் நிரலில் இருக்கும், பத்தாம் நிரல் ஏற்கெனவே போய்விட்டது.

3-க்கு வந்ததும் கோடு சாய்கிறது. 9-இலிருந்து 18, 27, 36 என்று ஒரு வரிசை கீழும் ஒரு கட்டம் இடமும் இறங்கி 81 வரை போகும். இப்படி ஆறு சாய்வுகள் உண்டு. ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில்தான் ஆபத்து. 6-இல் தொடங்கும் சாய்வு 51-இல் முடிகிறது. 30-இல் தொடங்குவது 39, 48, 57, 66 என்று இறங்கி 93-இல் முடிகிறது. 60-இல் தொடங்குவதில் 69, 87 இருக்கின்றன. பகா எண் என்று பலரும் ஏமாறும் 51, 57, 87 மூன்றும் இந்தச் சாய்வுகளில் உட்கார்ந்திருப்பவை. மூன்றாம் வாய்ப்பாடு 30-உடன் நின்றுவிடுவதால், 3 × 17, 3 × 19, 3 × 29 ஆகியவை யார் நாவிலும் தயாராக இல்லை. 57-க்கு ‘குரோதெண்டிக் பகா எண்’ என்ற கேலிப் பெயரே உண்டு. மாபெரும் கணிதமேதை அலெக்சாண்டர் குரோதெண்டிக் ஒருமுறை பகா எண்ணுக்கு உதாரணமாக அதைச் சொல்லிவிட்டார் என்று கதை.

7-தான் இந்தக் கட்டத்தின் பலவீனம். 7, 14, 21 என்று ஒரு வரிசை கீழே, மூன்று கட்டம் இடப்பக்கம். 21-க்குப் பிறகு அதே வரிசையில் 28, பிறகு மறுபடி இறக்கம். கண்ணுக்கு எந்தக் கோடும் தெரியாது. விரல் வைத்து ஏழு ஏழாக எண்ண வேண்டும். எண்ணும்போது ஓரிடத்தில் நழுவினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் நழுவும். 91 என்ற 7 × 13 தப்பிப் பிழைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

எண்ணாமல் ஸ்கேலை வைத்துக் கோடு போடுவதாகக் கொண்டால், இந்தக் கட்டத்தில் 2-க்கு ஐந்து, 3-க்கு ஆறு, 5-க்கு ஒன்று, பிறகு 49, 77, 91-க்குத் தனித்தனியாக மூன்று, ஆக 15 கோடுகள்.

முதல்முறை செய்யும் குழந்தைக்கு இந்தக் கட்டத்தையே கொடுக்கலாம். வடிவம் எளிதாக வராதது இங்கே ஒரு நன்மை, ஏனென்றால் மடங்குகளை எண்ணித்தான் ஆகவேண்டும். ‘மடங்கு என்றால் சம இடைவெளியில் தாவுவது’ என்பது விரல் வழியாக ஏறும்.

ஆறு நிரல் கட்டம், 2-இல் தொடங்கி

ஆறு ஆறாக எழுதும் கட்டத்தைப் பல இடங்களில் 1-இல் தொடங்குகிறார்கள். 2-இல் தொடங்குவது நல்லது. 1-ஐ என்ன செய்வது என்ற தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும், கோடுகளும் அழகாக அமையும். கட்டம் போட்ட நோட்டில் 17 வரிசை வேண்டும். தொடக்கம் இப்படி:

```
 2   3   4   5   6   7
 8   9  10  11  12  13
14  15  16  17  18  19
20  21  22  23  24  25
26  27  28  29  30  31
32  33  34  35  36  37
38  39  40  41  42  43
44  45  46  47  48  49
```

எழுதும்போதே ஒரு சரிபார்ப்பு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையின் முதல் எண்ணும் முந்தையதைவிட 6 கூடவேண்டும். எட்டாம் வரிசை 44-இல், பத்தாம் வரிசை 56-இல், கடைசியான பதினேழாம் வரிசை 98-இல் தொடங்கும். அவசரத்தில் ஓர் எண்ணை விட்டுவிட்டாலோ இரண்டுமுறை எழுதிவிட்டாலோ, அதற்குப் பிறகு இழுக்கும் எல்லாக் கோடும் பொய்யாகும். பத்து நிரலில் இந்தத் தவறு உடனே கண்ணில் படும், ஆறு நிரலில் படாது.

இப்போது அடிக்கத் தொடங்கலாம். முதல் நிரலில் 2-ஐ விட்டு 8-இலிருந்து கீழே ஒரு கோடு. மூன்றாம் நிரல் முழுக்க ஒரு கோடு. ஐந்தாம் நிரல் முழுக்க ஒரு கோடு. 2-இன் வேலை முடிந்தது. இரண்டாம் நிரலில் 3-ஐ விட்டு 9-இலிருந்து ஒரு கோடு. 3-இன் வேலையும் முடிந்தது. பத்து நிரலில் ஆறு சாய்வுகளாகச் சிதறிக் கிடந்த 3-இன் மடங்குகள் இங்கே ஒரே நிரலில் அடங்கிவிட்டன. 6 என்பது 2-க்கும் 3-க்கும் மடங்கு என்பதால், வரிசை இறங்க இறங்க நிரல்கள் மாறாமல் நிற்கின்றன. 10 என்பது 2-க்கும் 5-க்கும் மடங்கு. அதனால்தான் அங்கே 2, 5 நேராகவும் 3, 7 கோணலாகவும் போயின.

மிஞ்சியவை நான்காம் நிரலும் ஆறாம் நிரலும். 5-இன் மடங்குகள் வலமிருந்து இடமாக ஒழுங்காக இறங்கும். 25-இலிருந்து 30, 35, 40, 45, 50 வரை ஒரு சாய்கோடு. 50 இருக்கும் அதே வரிசையின் வலது ஓரத்தில் 55. அங்கிருந்து 80 வரை இரண்டாவது. 85-இலிருந்து 100 வரை மூன்றாவது. 7-இன் மடங்குகள் எதிர்த்திசையில் இறங்கும். 14-இலிருந்து 21, 28, 35, 42, 49 வரை ஒன்று. 56-இலிருந்து 63, 70, 77, 84, 91 வரை இன்னொன்று. 98 முதல் நிரலோடு ஏற்கெனவே போய்விட்டது. பத்து நிரலில் விரல் வைத்துத் தேடிய 91 இங்கே கோட்டின் முனையில் வந்து நிற்கிறது.

நான்கு நேர்க்கோடு, ஐந்து சாய்கோடு, ஆக ஒன்பது. ஸ்கேலும் பென்சிலும் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

இதில் வரும் தவறு கைத்தவறு இல்லை, புரிதல் தவறு. நான்காம், ஆறாம் நிரல்களில் மட்டுமே பகா எண்கள் மிஞ்சுவதைப் பார்த்ததும், ‘6-இன் மடங்குக்கு ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் இருப்பதெல்லாம் பகா எண்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். 2, 3 தவிர்த்த எல்லாப் பகா எண்ணும் அந்த இடத்தில்தான் இருக்கும் என்பது சரி. அந்த இடத்தில் இருப்பதெல்லாம் பகா எண் என்பது தவறு. நூறு வரை அந்த இரண்டு நிரல்களில் 32 எண்கள் இருக்கின்றன. அவற்றில் 25, 35, 49, 55, 65, 77, 85, 91, 95 என்ற ஒன்பதும் பகு எண்கள். கோடு இழுத்த பிறகு இந்த ஒன்பதையும் தனியே வட்டமிட்டு, ஒவ்வொன்றும் எதன் மடங்கு என்று எழுதச் சொன்னால் இந்தக் குழப்பம் வராது.

2-இல் தொடங்கியதற்கு இன்னொரு பலனும் கிடைக்கிறது. இரண்டு வித்தியாசத்தில் அடுத்தடுத்து வரும் இரட்டைப் பகா எண்கள் ஒரே வரிசையில், நடுவில் 6-இன் மடங்கை வைத்துக்கொண்டு நிற்கும். 5-7, 11-13, 17-19, 29-31, 41-43, 59-61, 71-73 என ஏழு இணைகள். 3-5 மட்டும் இந்த ஒழுங்குக்கு வெளியே. 1-இல் தொடங்கும் ஆறு நிரலில் இந்த இணைகள் ஒரு வரிசையின் கடைசிக்கு முந்தைய இடத்திலும் அடுத்த வரிசையின் தொடக்கத்திலுமாகப் பிரிந்துவிடும்.

ஒற்றை எண்களின் 7 × 7 கட்டம்

2-ஐத் தவிர இரட்டை எண் எதுவும் பகா எண் இல்லை என்று தெரிந்த பிறகு அவற்றை எழுதுவானேன்? 3 முதல் 99 வரை ஒற்றை எண்கள் சரியாக 49. ஏழுக்கு ஏழு சதுரத்தில் ஒரு கட்டம்கூட மிஞ்சாமல் அடங்கும்.

```
 3   5   7   9  11  13  15
17  19  21  23  25  27  29
31  33  35  37  39  41  43
45  47  49  51  53  55  57
59  61  63  65  67  69  71
73  75  77  79  81  83  85
87  89  91  93  95  97  99
```

மூன்றாம் நிரலைப் பாருங்கள்: 7, 21, 35, 49, 63, 77, 91. ஒற்றை மடங்குகள் மொத்தமும் ஒரே நேர்கோட்டில். 7-ஐ மட்டும் விட்டுக் கீழே ஒரு கோடு இழுத்தால் 7-இன் வேலை முடிந்தது. 3-க்கு மூன்று சாய்வுகள். 9-இலிருந்து 45 வரை ஒன்று. வலது மேல் மூலை 15-இலிருந்து இடது கீழ் மூலை 87 வரை ஒன்று, அதன் நடுவில் 51. 57-இலிருந்து 93 வரை ஒன்று. பிறகு மூலையில் தனியாக நிற்கும் 99. மேலே ஏமாற்றுக்காரர்கள் என்று சொன்ன 51, 57, 87 மூன்றும் இங்கே மையத்திலோ கோட்டின் முனையிலோ இருப்பதால் தப்ப வழியில்லை.

5 மட்டும் சதுரங்கக் குதிரை போலத் தாவும்: ஒரு வரிசை கீழே, இரண்டு கட்டம் இடப்பக்கம். 15, 25, 35, 45 என்று இறங்கி, பிறகு 55, 65, 75, பிறகு 85, 95. கடைசி இலக்கம் 5 என்று கண்ணாலேயே தெரிவதால் இங்கே ஸ்கேல் தேவையில்லை.

இந்தக் கட்டத்தில் 3-ஐ 9-இலிருந்தும், 5-ஐ 25-இலிருந்தும், 7-ஐ 49-இலிருந்தும் தொடங்கினால் மொத்தம் 28 அடிகள். அதில் இரண்டாம் முறை அடிபடுபவை 45, 63, 75 ஆகிய மூன்றே. மற்ற இரண்டு கட்டங்களோடு ஒப்பிட்டால் எழுதும் வேலையும் பாதி, அடிக்கும் வேலை கிட்டத்தட்ட கால் பங்கு.

சல்லடை பற்றிய மிகப் பழைய விளக்கமும் ஒற்றை எண்களில்தான் தொடங்குகிறது. எரடோஸ்தனிஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர். முறை அவருடையது என்று நமக்குச் சொல்வது சுமார் கி.பி. 100-இல் எழுதிய நிக்கோமாக்கஸ். அவர் 3 முதல் ஒற்றை எண்களை வரிசையாக எழுதி, 3-க்காக ஒவ்வொரு மூன்றாம் இடத்தையும், 5-க்காக ஒவ்வொரு ஐந்தாம் இடத்தையும் எண்ணச் சொல்கிறார். ஒற்றை எண்களுக்கிடையே 2 வித்தியாசம் இருப்பதால் மூன்று இடம் தாவினால் 6 கூடும். 9-இலிருந்து 15, 15-இலிருந்து 21.

குழந்தைகள் குழம்புவதும் இதே இடத்தில்தான். ‘மூன்றின் மடங்கு என்றால் மூன்று கூட்டவேண்டுமே, ஏன் ஆறு கூடுகிறது?’ என்ற கேள்விக்கு விடை தெரியாத குழந்தையிடம் இந்தக் கட்டத்தைத் தரக்கூடாது. இன்னொரு தவறு அதைவிடச் சாதாரணமானது, பெரியவர்களுக்கும் வரும்: விடையில் 2-ஐச் சேர்க்க மறந்துவிடுவது. கட்டத்தில் மிஞ்சுவது 24. கட்டத்துக்கு வெளியே, மேல் ஓரத்தில், தொடங்கும்போதே 2 என்று எழுதி வட்டமிட்டு வைத்துவிடுங்கள். பட்டியலை நினைவில் ஏற்ற விரும்புபவர்களுக்கும், வெற்றுத்தாளில் சட்டென்று பட்டியல் போட வேண்டியவர்களுக்கும் இந்தச் சதுரத்தையே பரிந்துரைப்போம்.

இரண்டாம் மடங்கிலிருந்தா, வர்க்கத்திலிருந்தா?

கட்டம் முடிவானதும் அடுத்த தேர்வு இது. 7-இன் முறை வரும்போது 14-இலிருந்து தொடங்குவதா, 49-இலிருந்து தொடங்குவதா? 14, 28, 42 ஆகியவற்றை 2 அடித்துவிட்டது, 21-ஐ 3 அடித்துவிட்டது, 35-ஐ 5 அடித்துவிட்டது. புதிதாக ஒன்று கிடைப்பது 7 × 7-இல்தான். எனவே வர்க்கத்திலிருந்து தொடங்குவது சரியான குறுக்குவழி.

எவ்வளவு மிச்சமாகும்? முழு நூறு எண்களில், இரண்டாம் மடங்கிலிருந்து அடித்தால் 113 அடிகள், வர்க்கத்திலிருந்து அடித்தால் 104. ஒன்பதே ஒன்பது அடிகள்தான் மிச்சம். நூறு போன்ற சிறிய எல்லையில் இது பெரிய லாபமில்லை.

அந்த ஒன்பது அடிகளோடு வேறொன்று போய்விடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒவ்வொரு குறி வைத்து அடிப்பதாகக் கொள்ளுங்கள்: 2-க்கு வலச்சாய்வு, 3-க்கு இடச்சாய்வு, 5-க்குப் படுக்கைக் கோடு, 7-க்குச் செங்குத்துக் கோடு. வண்ணப் பென்சில் இருந்தால் நான்கு வண்ணம். இரண்டாம் மடங்கிலிருந்து அடித்திருந்தால், 42-இன்மேல் மூன்று குறிகள் இருக்கும்: 2, 3, 7. பெருக்கினால் 42. பகாக் காரணிகள் கையில். 84-இன்மேலும் அதே மூன்று குறிகள். பெருக்கினால் 42 வருகிறது, 84-க்கு இன்னும் ஒரு 2 வேண்டும், ஆகவே 84 = 2 × 2 × 3 × 7. மூன்று குறி விழும் எண்கள் நூறுக்குள் 30, 42, 60, 70, 84, 90 என்ற ஆறு மட்டுமே. வர்க்கத்திலிருந்து தொடங்கினால் 42-இன்மேல் 7-இன் குறி விழாது. 10, 15, 20-இன்மேல் 5-இன் குறி விழாது. கட்டம் பகா எண்ணைக் காட்டும், காரணிகளைப் பற்றி அரைகுறையாகத்தான் சொல்லும்.

அடுத்த பாடம் மீப்பெரு பொதுக் காரணியாகவோ மீச்சிறு பொது மடங்காகவோ இருந்தால், நான்கு குறிகளோடு இரண்டாம் மடங்கிலிருந்து அடித்து, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. இதற்குப் பத்து நிரல் கட்டமே வசதி, எண்ணைத் தேடி எடுப்பது எளிது. பட்டியல் மட்டும் போதும் என்றால் வர்க்கத்திலிருந்து தொடங்கலாம்.

தவறு எங்கே நடந்தது என்று எப்படித் தெரியும்?

ஓர் உதாரணம். பத்து நிரல் கட்டத்தில் 7-இன் மடங்குகளை எண்ணிக்கொண்டு வருகிறீர்கள். 49, 56, 63 வரை சரி. அடுத்து எண்ணும்போது 70-க்குப் பதிலாக 71-இல் விரல் நிற்கிறது. அங்கிருந்து 78, 85, 92, 99. முடிவில் 71 என்ற பகா எண் அடிபட்டுவிட்டது. 77, 91 என்ற இரண்டு பகு எண்கள் தப்பிவிட்டன. எண்ணிப் பார்த்தால் 26 இருக்கிறது. தவறு இருக்கிறது என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது கடைசியாக அடித்த எண். 3 என்றால் 99-இல் முடியவேண்டும், 5 என்றால் 100-இல், 7 என்றால் 98-இல். இந்த உதாரணத்தில் 7-இன் வரிசை 99-இல் முடிந்திருக்கிறது. 99 ஏழின் மடங்கு இல்லை. ஆக, நழுவியது 7-இன் முறையில்தான்.

அடுத்து, பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணுவது. 1-10-இல் 4, 11-20-இல் 4, பிறகு 2, 2, 3, 2, 2, 3, 2, 1. சேர்த்து எழுதினால் 44223 22321, பத்து இலக்கக் கைபேசி எண் போல நினைவில் நிற்கும். பத்து நிரல் கட்டத்தில் இதை வரிசை வரிசையாக ஓட்டிப் பார்க்கலாம். மற்ற இரண்டு கட்டங்களில் விடையைத் தனியே எழுதிய பிறகுதான் முடியும். ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. மேற்சொன்ன உதாரணத்தில் 71-80 வரிசையில் 71 போய் 77 வந்துவிட்டது. எண்ணிக்கை 3 சரியாகவே இருக்கும். கடைசி வரிசையில் 1-க்குப் பதில் 2 வருவதுதான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு சரிபார்ப்பும் போதாது என்று தோன்றினால் மிஞ்சிய எண்களைக் கூட்டுங்கள். நூறு வரையுள்ள 25 பகா எண்களின் கூடுதல் 1060. ஒன்று தவறாகப் போய் வேறொன்று தவறாக வந்து எண்ணிக்கை சமமாகிவிட்டாலும், கூடுதலில் வித்தியாசம் தெரியும். 71-க்குப் பதில் 91 நின்றால் 1080 வரும்.

1-ஐ வைத்து நடக்கும் தவறு தனி ரகம். பத்து நிரலில் 1-ஐ அடிக்காமல் விட்டால் விடையில் 26 எண்களும் 1061 என்ற கூடுதலும் வரும். மடங்கை வைத்து அடிக்க முடியாத ஒரே எண் அது. 2-ஐத் தொடங்கும் முன்பே, வேறு குறியில், அதைச் சதுரம் போட்டு ஒதுக்கிவிடவேண்டும்.

நூறைத் தாண்டினால்

அதே நான்கு பகா எண்கள் நூறோடு நிற்பதில்லை, 120 வரை வேலை செய்யும். ஆறு நிரல் கட்டத்தில் பதினேழாம் வரிசையை 103 வரை நிரப்பி, இன்னும் மூன்று வரிசை எழுதுங்கள். நேர்க்கோடுகள் நான்கையும் கீழே நீட்டுங்கள். 5-இன் மூன்றாவது சாய்கோட்டை 110 வரை நீட்டி, 115-இலிருந்து 120-க்கு ஒன்று, 98-இலிருந்து 119-க்கு 7-இன் சாய்கோடு ஒன்று. புதிதாக இரண்டு கோடுகளில் 101, 103, 107, 109, 113 என்ற ஐந்து பகா எண்கள் கிடைக்கும். 17 வரிசைகள் 20 ஆனதும் கட்டம் முழுச் செவ்வகமாகிவிடும், வலது கீழ் மூலையில் அடிபடாமல் ஓர் எண் நிற்கும். அது 121. அதை அடிக்க 11 வரவேண்டும்.